பெயர் வந்த வழி

திருவனந்தபுரத்து வலியசாலையில் வளர்ந்த தமிழ்க் குழந்தைகளுக்கு ஒரே பண்டத்துக்கு இரண்டு பெயர் தெரிந்திருக்கும். எங்கள் வீட்டு அடுக்களையில் பறங்கிக்காய் என்றால் சாலைக் கம்போளத்தில் அது மத்தங்கா. வீட்டில் சீத்தாப்பழம், கடைத்தெருவில் ஆத்தச்சக்கை. வீட்டில் வேர்க்கடலை, தெருமுனையில் காகிதக் கூம்பில் விற்கிறவரிடம் கப்பலண்டி. பாட்டி கொடுத்தனுப்பும் சாமான் பட்டியலைக் கடைக்காரரின் மொழிக்கு மாற்றிச் சொல்லும் வேலை எனக்கு. அந்த வேலையில்தான் பெயர்களின் மேல் ஆசை வந்தது. பறங்கி என்றால் யார்? கப்பலுக்கும் கடலைக்கும் என்ன உறவு? ஊரின் பெயரோ ஆளின் பெயரோ உள்ளே ஒளிந்திருக்கும் சாதாரணச் சொற்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைக்கத் தொடங்கினேன். இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் அகர வரிசையில் எழுதினேன். அல்போன்ஸா, காலிகோ, சீனி, டீசல், பறங்கிக்காய் என்று அது பாட்டுக்கு நீண்டது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். சமஸ்கிருதமும் சரித்திரமும் அறிந்தவர். நோட்டைப் புரட்டிவிட்டு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "அம்பி, இது அகராதிக்காரன் வேலை. இந்தப் பேர் எப்படி ஒட்டிண்டதுன்னு பாத்துப் பிரி. கொண்டுவந்தவன் பேரா, வித்த ஊர் பேரா, பண்ணினவன் பேரா, மரியாதைக்கு வச்ச பேரா? அப்படிப் பிரிச்சா ஒவ்வொண்ணும் தானே பேசும்."

கூடவே மூன்று கேள்விகளும் தந்தார். பண்டம் எப்போது வந்தது, பெயர் எப்போது வந்தது? பெயரை வைத்தவர் விற்றவரா, வாங்கியவரா? அதே பண்டத்தை அக்கம்பக்கத்து மொழிக்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகுதான் ஒரு சொல்லைத் தலைப்புக்குக் கீழே எழுத வேண்டும் என்றார். பாளையத்தில் இருக்கும் பொது நூலகம் 1829இல் தொடங்கியது. அங்கே யூலும் பர்னெலும் தொகுத்த ஹாப்சன் ஜாப்சன், குண்டர்ட்டின் மலையாள அகராதி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் ஆகியவற்றை நான் புரட்டியதெல்லாம் அந்தக் கேள்விகளுக்காகத்தான்.

கொண்டுவந்தவர் பெயரால் வந்தவை என்று முதல் தலைப்பிட்டேன். அதன் கீழ் முதலில் எழுதியது பறங்கி. ஐரோப்பாவின் மேற்கே ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் இருந்தார்கள். சிலுவைப்போர்க் காலத்தில் அரபுகள் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையும் அந்த ஒரே பெயரால் அழைத்தார்கள். பாரசீகத்தில் அது ஃபரங்கி ஆயிற்று. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியபோது அரபு, பாரசீக வணிகர்களின் வாயில் வெள்ளைக்காரருக்கு அந்தப் பெயர் தயாராக இருந்தது. தமிழில் பறங்கி, மலையாளத்திலும் பறங்கி. பிறகு போர்ச்சுக்கீசியர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த செடிகளில் சில இந்தப் பெயரைச் சுமந்தன. பூசணி இனத்து அமெரிக்கக் காய் தமிழில் பறங்கிக்காய். மலையாளத்தில் முந்திரி மரம் பறங்கிமாவு, மிளகாய்க்குப் பறங்கிமுளகு என்றும் ஒரு பெயர்.

இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். மூன்று செடிகளும் அமெரிக்க மண்ணைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் பெயர் எதிலும் இல்லை. போர்ச்சுக்கல் என்ற நாட்டின் பெயரும் இல்லை. போர்ச்சுக்கீசியருக்குச் சம்பந்தமே இல்லாத, ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் இனத்தின் பெயர், அரபுகள் வழியாக வந்து நம் சாம்பாரில் கிடக்கிறது. செடி எங்கே முளைத்தது என்பதைப் பெயர் சொல்லவில்லை. அதை நம் கையில் யார் கொடுத்தார், அவரை நாம் யார் வாய்ச்சொல் கேட்டு அறிந்தோம் என்பதைச் சொல்கிறது.

அக்கம்பக்கத்து மொழியைக் கேள் என்ற மூன்றாவது கேள்வி இங்கேதான் உதவும். வான்கோழி மெக்சிகோப் பக்கத்துப் பறவை. ஆங்கிலத்தில் அதன் பெயர் துருக்கி. துருக்கியர் அதை ஹிந்தி என்கிறார்கள், அதாவது இந்தியாவுக்கு உரியது. பிரெஞ்சுக்காரர்களின் பெயரும் இந்தியாவிலிருந்து வந்தது என்றே பொருள்படும். போர்ச்சுக்கீசியர் பெரு என்கிறார்கள். நான்கு மொழியும் மூன்று ஊரைக் காட்டினால் எந்த ஊரும் பிறப்பிடம் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். தூரதேசத்திலிருந்து வந்தது என்பது ஒன்றுதான் உறுதி. தூரம் என்றவுடன் அவரவர் மனதுக்கு வந்த ஊரை வைத்துவிட்டார்கள். மலையாளி இன்னும் நேர்மையாக இருந்தார். கடலையை எந்த நாட்டார் கொண்டுவந்தார் என்று யோசிக்காமல், வந்து இறங்கிய கப்பலின் பெயரையே வைத்தார். கப்பலண்டி என்ற சொல்லை இந்தத் தலைப்பின் ஓரத்தில் தனியாக எழுதிவைத்திருக்கிறேன். அதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. ஆனால் அது பறங்கிக்காயின் உடன்பிறப்பு.

சீனி இதைவிட ஆழமானது. சென்னையில் வெள்ளைச் சர்க்கரையைச் சர்க்கரை என்பார்கள். நெல்லை, நாஞ்சில் நாடு, திருவனந்தபுரத்துத் தமிழ்க் குடும்பங்கள், கடல் தாண்டி இலங்கை வரைக்கும் அது சீனிதான். இந்தியிலும் சீனிதான். சொல்லுக்குச் சீன நாட்டுக்கு உரியது என்று பொருள். ஆனால் கரும்பைக் காய்ச்சிச் சர்க்கரையாக்கும் வித்தை இந்தியாவுடையது. சமஸ்கிருத சர்க்கரா என்ற சொல்தான் பாரசீகம், அரபு வழியாகப் போய் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் சர்க்கரைக்குப் பெயராக நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் தாங் வம்சத்துச் சக்கரவர்த்தி தாய்சோங், சர்க்கரை செய்யும் முறையைக் கற்றுவர மகதத்துக்கு ஆளனுப்பியதைச் சீன வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. இங்கிருந்து போன வித்தை, அங்கே இன்னும் வெண்மையாக்கப்பட்டு, சீனி என்ற பெயரோடு நம் பக்கம் திரும்பியது. வட இந்தியாவில் கற்கண்டுக்கு மிஸ்ரி என்று பெயர், எகிப்துக்கு உரியது என்று பொருள். இனிப்பு ஒன்று, ஊர்ப்பெயர் இரண்டு. கரும்பின் சொந்த ஊர்ப்பெயர் இரண்டிலும் இல்லை.

சீன, பறங்கி, சீமை ஆகிய மூன்று முன்னொட்டுகளையும் வரிசையாக எழுதிவைத்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. சீனச்சட்டி, ஊறுகாய் போட்டுவைக்கும் சீனப்பரணி, கொச்சிக் கடலோரத்துச் சீனவலை எல்லாம் ஒரு காலத்தைச் சேர்ந்தவை. பறங்கி அதற்கு அடுத்த காலம். சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு, மலையாளத்தில் சீமக்கொன்னை, சீமச்சக்கை என்பவை அதற்கும் பிந்திய ஆங்கிலேயர் காலம். நம் கரையில் அந்நியச் சரக்கு என்றால் யாருடையது என்று மக்கள் நினைத்தார்களோ, அவருடைய பெயரே அந்தக் காலத்தின் முன்னொட்டு. கிணறு தோண்டும்போது மண்ணின் அடுக்குகள் தெரிவதைப் போல, ஒரு மளிகைப் பட்டியலில் வணிகத்தின் அடுக்குகள் தெரிந்தன.

இரண்டாவது தலைப்பு, விற்ற ஊரின் பெயர். இங்கே கேரளத்துக்கு உலகறிந்த ஒரு சொல் உண்டு. காலிகோ என்ற பருத்தித் துணி கோழிக்கோட்டின் பெயரைக் கொண்டது. ஐரோப்பியர் அந்தத் துறைமுகத்தின் பெயரைத் துணிக்கு வைத்தார்கள். பிறகு சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் போன துணிகளுக்கும் அதே பெயர் பரவியது. இங்கிலாந்தின் நெசவாளர்களுக்கு அது பெரும் போட்டியாகி, 1700இலும் 1721இலும் அந்நாட்டு நாடாளுமன்றம் காலிகோவைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. கடைசியில் லங்காஷயர் ஆலைகள் தாங்களே நெய்து அதையும் காலிகோ என்றே விற்றன. யேமனின் மோகா துறைமுகமும் இப்படித்தான். காப்பி விளைந்தது உள்நாட்டு மலைகளில், பெயர் கிடைத்தது கப்பலேற்றிய துறைமுகத்துக்கு. விற்ற ஊரின் பெயர் சரக்கைவிட நெடுநாள் வாழும். அந்த ஊரில் அந்தச் சரக்கு நின்றுபோன பிறகும் பெயர் நிற்கும்.

இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிரியமான சொல் எங்கள் சாலைத் தெருவிலேயே கிடைத்தது. வெற்றிலை போடுகிற பெரியவர்கள் கடையில் கேட்பார்கள், "ஜாப்பாணம் உண்டோ?" கறுத்துத் தடித்த, காரமான புகையிலை அது. ஜப்பானிலிருந்து வந்த புகையிலை என்றுதான் தெருவில் பலரும் விளக்கம் சொன்னார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஜப்பானிலிருந்து கடிகாரம் வருகிறது, பொம்மை வருகிறது, புகையிலை வரக்கூடாதா? மலையாளத்தில் அந்த நாட்டின் பெயரும் ஜப்பான், ஓசையும் ஒத்துப்போகிறது.

ஆசிரியரின் மூன்று கேள்விகளையும் இதன்மேல் வைத்துப் பார்த்தேன். முதலில் காலம். ஜப்பான் 1639இலிருந்து 1853 வரை வெளியுலகுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. டச்சுக்காரர்களுக்கும் சீனருக்கும் மட்டும் நாகசாகியில் ஒரு சிறு வாசல். திருவிதாங்கூரில் புகையிலை அரசாங்க வருமானத்தின் பெரிய தூணாக இருந்தது அந்தக் காலத்தில்தான். அடுத்து, விற்றவர் யார்? இலங்கையின் வடமுனையிலிருந்து தோணிகளில் வந்த புகையிலைக்குப் பெரிய சந்தையே திருவிதாங்கூர்தான். டச்சுக்காரரும் பின்னால் ஆங்கிலேயரும் அந்த வணிகத்தைக் கண்ணும் கருத்துமாகக் கவனித்தார்கள், ஏனென்றால் அந்தப் பகுதி விவசாயியின் பிழைப்பு அதில் இருந்தது. அந்தப் பகுதி யாழ்ப்பாணம்.

மூன்றாவது, ஓசை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேசும்போது தங்கள் ஊரை யாப்பாணம் என்பார்கள், ழகரம் விழுந்துவிடும். சிங்களத்தில் யாப்பனய, அங்கேயும் ழகரம் இல்லை. சொல்லின் முதலில் வரும் யகரம் ஜகரமாவது ஐரோப்பியர் எழுதிய பெயரிலும் நடந்தது. ஜாஃப்னா என்ற பெயர் அப்படி வந்ததுதான். யாழ்ப்பாணம், யாப்பாணம், ஜாப்பாணம் என்ற மூன்று படியும் தனித்தனியே சாட்சி உள்ளவை. ஜப்பான் என்ற சொல்லிலிருந்து புறப்பட்டால் ஜாப்பாணத்தின் நெட்டெழுத்துக்கும் முடிவிலிருக்கும் அம் விகுதிக்கும் காரணம் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டால் எதையும் இழுத்துப் பொருத்த வேண்டியதில்லை.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சமிருந்தது. திருநெல்வேலியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் கூடப் புகையிலை வந்ததே, யாழ்ப்பாணத்தின் பெயர் மட்டும் ஏன் இப்படி ஊன்றியது? விடை வரியில் இருந்தது. புகையிலை வெகுகாலம் அரசின் ஏகபோகம். அரசே வாங்கும், அரசின் பண்டகசாலை வழியாகவே, அரசு வைத்த விலைக்கே விற்கும். திவான் மாதவராவ் 1863இல் அந்த ஏகபோகத்தை எடுத்துவிட்டு இறக்குமதித் தீர்வை வைத்தார். எந்த ஊர்ப் புகையிலை என்பதைப் பார்த்துத் தீர்வை போடப்பட்டது. விலையும் தீர்வையும் ஊரைப் பொறுத்தவை என்றால், ஊர்ப்பெயரைச் சொல்லாமல் ஒரு கட்டுப் புகையிலையை விற்கவோ வாங்கவோ முடியாது. சுங்கக் கணக்கிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து வெற்றிலைச் செல்லத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. இதைக் கண்டபிறகு ஊர்ப்பெயர் ஏறிய எந்தச் சரக்கைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, அதற்கு வகை பிரித்து வரி போட்டார்களா என்பதுதான்.

சாலைக் கடையில் தமிழ் பேசும் ஓர் அண்ணாச்சியிடம் இதைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கட்டைத் தட்டிக் காட்டி, "எங்க தாத்தா காலத்துல யாப்பாணம்னுதான் சொல்லுவாங்க தம்பி. இவங்க வாயில அது ஜாப்பாணமாயிட்டு" என்றார். நூலகத்தில் தேடியதை அவர் பரம்பரையாக அறிந்திருந்தார். அன்றிலிருந்து கடைக்காரரின் வாய்மொழியையும் அகராதிக்குச் சமமான சாட்சியாக எழுதிவருகிறேன்.

மூன்றாவது தலைப்பு, செய்தவர் பெயர். கோவில் உற்சவ நாட்களில் சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் விளக்குகளைத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்கள் நடப்பார்கள். எந்தக் கம்பெனி விளக்கானாலும் பெயர் பெட்ரோமாக்ஸ். அது பெர்லினில் அந்த விளக்கைச் செய்த நிறுவனத்தின் மாக்ஸ் கிராட்ஸ் என்பவரின் பெயர், பெட்ரோலியத்தோடு சேர்ந்தது. ஆளின் பெயர் ஒரு கம்பெனியின் சரக்குக்குப் போய், பிறகு அந்த வகை விளக்கு எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. டீசல் இன்னொரு படி தாண்டியது. ருடால்ஃப் டீசலின் என்ஜின் 1897இல் ஒழுங்காக ஓடியது. அவர் பெயர் முதலில் என்ஜினுக்கு, பிறகு அதில் ஊற்றும் எண்ணெய்க்கு. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் அவர் வகை என்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. அன்று ஊற்றியது கப்பலண்டி எண்ணெய். ஆகவே செய்தவர் பெயர் என்று எழுதும்போது எதைச் செய்தவர் என்றும் எழுத வேண்டும். டீசல் செய்தது என்ஜினை, எண்ணெயை அல்ல.

நான்காவது தலைப்பு, மரியாதைக்கு வைத்த பெயர். செய்தவர் பெயரோடு இது மிக எளிதாகக் கலந்துவிடும். அல்போன்ஸா மாம்பழத்துக்குப் போர்ச்சுக்கீசியத் தளபதி அஃபோன்ஸோ தெ அல்புகெர்க்கின் பெயர் என்பது பரவலான வழக்கு. அவரே கோவாவில் ஒட்டுக்கட்டி உண்டாக்கினார் என்றும் சிலர் கதை சொல்வார்கள். காலத்தை வைத்துப் பார்த்தால் போதும். அவர் கோவாவைப் பிடித்தது 1510, இறந்தது 1515. ஐந்து வருடத்தில், அதிலும் ஒரு பகுதி மலாக்காவிலும் ஹோர்முஸிலும் கழிய, ஒரு மா வகையை உண்டாக்கிக் காய்க்கவைக்க நேரமில்லை. கோவாவில் மா ஒட்டு வேலைக்குப் பெயர்பெற்ற ஜெசூட் பாதிரிமார் வந்தது 1542இல். ஆகவே அந்தப் பெயர் மரியாதைத் தலைப்பின் கீழ்தான் போகும்.

சீத்தாப்பழமும் இங்கே இருக்கிறது. போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த அமெரிக்கப் பழத்துக்கு நம் ஜனங்கள் சீதையின் பெயரைச் சூட்டினார்கள், அதன் உறவுப் பழத்துக்கு ராமரின் பெயரை. மலையாள ஆத்தச்சக்கையின் ஆத்தா, போர்ச்சுக்கீசியர் அந்தப் பழத்துக்குச் சொன்ன ஆட்டா என்ற பெயர். வீட்டுப் பெயர் பழத்தை நம் கதைக்குள் எடுத்துக்கொண்டது. கடைப் பெயர் கொண்டுவந்தவரின் சொல்லைக் காப்பாற்றியது. ஒரே பழத்துக்காக நோட்டில் இரண்டு தலைப்பின் கீழும் இடம் விட்டிருக்கிறேன், இரண்டும் உண்மை என்பதால்.

இப்போது சாலைக் கம்போளத்தின் பழக்கடைகளில் கிவி அடுக்கிவைக்கிறார்கள். நியூசிலாந்துப் பழம் என்றுதான் வாங்குகிறவர்களும் நினைக்கிறார்கள். அதன் தாயகம் சீனா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூசிலாந்துக்குப் போய், அங்கே சீன நெல்லி என்ற பொருளில் அழைக்கப்பட்டது. 1959இல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்தபோது ஒரு நியூசிலாந்து வணிக நிறுவனம் அந்தப் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் நாட்டுப் பறவையின் பெயரை வைத்தது. சீனாவிலிருந்தே போன பழம் சீனப் பெயரை இழந்தது. இந்திய வித்தையில் விளைந்த சர்க்கரை சீனப் பெயரைப் பெற்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பறங்கிக்காய்க்குப் பெயர் வைத்தவர் யாரென்று தேடித் திரிகிறோம். கிவிக்கு நிறுவனமும் வருடமும் காரணமும் தெரிகின்றன. இன்று கடைத்தெருவில் இறங்கும் ஒவ்வொரு புதுச் சரக்கின் பெட்டியையும் பார்த்து, அதன்மேல் எந்த ஊர் அச்சிட்டிருக்கிறது, எந்த ஊரில் விளைந்தது, கடைக்காரர் வாயில் அது எப்படி ஒலிக்கிறது என்று தேதி போட்டு எழுதுகிறேன். இன்னும் நூறு வருடம் கழித்துத் தேடுகிறவருக்கு மூன்று கேள்விக்கும் பதில் ஒரே பக்கத்தில் கிடைக்க வேண்டும்.